குடிக்க மறுக்கும் குழந்தைக்கு பெக் பவுடர்: கலப்பது, அளவை மாற்றுவது, நிறுத்துவது

குழந்தையின் மலச்சிக்கலுக்கு மருத்துவர் பாலிஎத்திலீன் கிளைக்கால் எழுதிக் கொடுத்தால், சீட்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: தினம் இத்தனை கிராம், தண்ணீரில் கலந்து. டப்பாவில் பெக் 3350 என்றோ மேக்ரோகால் என்றோ போட்டிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் கிளம்பும். எவ்வளவு தண்ணீர்? பாலில் கலக்கலாமா? பாதியைத் துப்பிவிட்டால்? மலம் தண்ணீராகப் போனால் நிறுத்திவிடலாமா? நன்றாகப் போக ஆரம்பித்த பிறகும் ஏன் தர வேண்டும்? மருத்துவர் ஏற்கெனவே குழந்தையைப் பார்த்து மருந்தை ஆரம்பித்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு வீட்டில் செய்ய வேண்டியதை இங்கே எழுதுகிறேன். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த அளவுகள் பொருந்தாது. அங்கே எல்லாமே மருத்துவர் சொல்படிதான்.

இந்தப் பவுடர் என்ன செய்கிறது

பெக் ஒரு நீண்ட மூலக்கூறு. குடல் அதை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. தன்னோடு வந்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டே பெருங்குடல் வரை போய், மலத்தோடு கலந்து வெளியேறிவிடும். மலம் இளகுவது அந்தத் தண்ணீரால்தான். குடல் தசையைப் பிடித்துத் தள்ளுகிற மருந்து இல்லை என்பதால், "பழகிவிட்டால் இது இல்லாமல் போகவே போகாது" என்ற பயத்துக்கு இதில் இடமில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன. ஒன்று, இன்று கொடுத்ததன் பலன் இன்றே தெரியாது. 1 முதல் 3 நாள் ஆகும். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்தத் தாமதத்தை மனதில் வைத்துத்தான். இரண்டு, பவுடரைக் கலக்கிய தண்ணீர் குழந்தை குடித்த தண்ணீர்க் கணக்கில் சேராது. அது பெக்கோடு மலத்துக்குப் போய்விடும். வழக்கமாகக் குடிக்கும் தண்ணீரை அதற்கு மேல் தனியாகக் கொடுங்கள்.

முதலில் அடைத்திருப்பதை வெளியேற்ற வேண்டும்

"மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்லும் பல வீடுகளில் தவறு நடந்திருப்பது இந்த இடத்தில்தான். பல நாள் அடக்கி வைத்த குழந்தையின் மலக்குடலில் பெரிய, கெட்டியான கட்டி தங்கியிருக்கும். அதை வெளியேற்றாமல் தினசரி அளவை மட்டும் ஆரம்பித்தால், மேலிருந்து வரும் இளகிய மலம் கட்டியைச் சுற்றிக் கசிந்து ஜட்டியில் படும். வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடுவார்கள். கட்டி அங்கேயே இருக்கும், இன்னும் பெரிதாகும்.

அதனால் அடைப்பு இருந்தால் முதல் சில நாட்களுக்கு அதிக அளவு தேவை. ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் வல்லுநர் சங்கங்கள் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை, 3 முதல் 6 நாட்கள் தரச் சொல்கிறது. 15 கிலோ குழந்தைக்கு இது நாளைக்கு 15 முதல் 22 கிராம். இந்தக் கட்டத்தை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்கக் கூடாது. அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இது வெறும் மலச்சிக்கல்தானா என்று உறுதி செய்திருக்க வேண்டும்.

இந்த நாட்களில் கசிவு குறைவதற்குப் பதில் கூடும், வயிறும் வலிக்கும். பள்ளி விடுமுறையில் வைத்துக்கொள்வது நல்லது. முதலில் கெட்டிக் கட்டிகள், அப்புறம் கூழ், கடைசியில் கட்டியே இல்லாத பழுப்புத் தண்ணீர் என்று வந்தால் அடைப்பு நீங்கியது என்று அர்த்தம். முதல் பெரிய கட்டி வந்ததும் "எல்லாம் வந்துவிட்டது" என்று நிறுத்திவிடாதீர்கள். பின்னால் இன்னும் இருக்கும். அடைப்பு நீங்கியதும் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் தினசரி அளவுக்கு வர வேண்டும்.

அளப்பதும் கலப்பதும்

தினசரி அளவு பொதுவாகக் கிலோவுக்கு 0.4 கிராமில் ஆரம்பிக்கும். பிறகு குழந்தைக்குத் தகுந்தபடி 0.2 முதல் 0.8 வரை எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம். 15 கிலோவுக்கு ஆரம்ப அளவு 6 கிராம்.

டப்பா மூடியிலோ அளவுக் கரண்டியிலோ முழு அளவுக்கு, பெரும்பாலும் 17 கிராமுக்கு, கோடு இருக்கும். 6 கிராமுக்கு இருக்காது. வீட்டு டீஸ்பூனை நம்ப வேண்டாம். ஒருவர் எடுக்கும் கரண்டியும் இன்னொருவர் எடுக்கும் கரண்டியும் ஒன்றாக இருக்காது. சிறிய டிஜிட்டல் தராசு இருந்தால் பிரச்சினையே இல்லை. இல்லாவிட்டால் கரைசலாக்கி அளக்கலாம். 17 கிராமைத் தண்ணீரில் கரைத்து, மொத்தக் கரைசல் 170 மி.லி. வரும்வரை தண்ணீர் சேருங்கள். இப்போது 10 மி.லி.யில் 1 கிராம் இருக்கிறது. 6 கிராம் வேண்டுமென்றால் 60 மி.லி., 7 வேண்டுமென்றால் 70. மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் அதே நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிடுங்கள்.

எலக்ட்ரோலைட் உப்புகள் சேர்ந்த சாஷே என்றால் அதன் தாளில் உள்ள தண்ணீர் அளவையே பின்பற்றுங்கள். குழந்தைகளுக்கான 6.9 கிராம் சாஷேக்கு 62.5 மி.லி. இந்த வகை சற்று உப்புக் கரிக்கும். உப்பு சேராத வகையில் சுவையே தெரியாது என்று சொல்லலாம். ஒரு வகையை அடியோடு மறுக்கும் குழந்தைக்கு மற்றதை மாற்றித் தரலாமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

கலக்கும்போது வரிசை முக்கியம். அறை வெப்பத்தில் இருக்கும் தண்ணீரிலோ வெதுவெதுப்பான தண்ணீரிலோ பவுடரைப் போட்டு, அடியில் மணல் போல எதுவும் நிற்காமல் தெளியும்வரை கலக்குங்கள். அதன் பிறகு குளிர வைக்கலாம், பழச்சாறோ பாலோ சேர்க்கலாம். நேராகக் குளிர்ந்த பாலில் தூவினால் சரியாகக் கரையாமல் அடியில் தங்கும். குழந்தை மேலே உள்ளதைக் குடித்துவிட்டு, மருந்தைக் கோப்பையிலேயே விட்டுவிடும். உலர்ந்த பவுடரைச் சாப்பாட்டின் மேல் தூவுவதும் வேண்டாம், பெக்குக்குத் தண்ணீர் கூடவே போக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. விழுங்குவதில் சிரமம் உள்ள குழந்தைகளுக்குப் பானத்தைக் கெட்டியாக்க மாவுச்சத்துப் பவுடர் சேர்ப்பதுண்டு. அதில் பெக்கைக் கலந்தால் கெட்டித்தன்மை போய்த் தண்ணீராகிவிடும், பானம் மூச்சுக்குழலுக்குள் போகும் ஆபத்து உண்டு. அப்படிப்பட்ட குழந்தைக்கு எதில் கலப்பது என்று மருத்துவரிடம் கேட்காமல் தராதீர்கள்.

குழந்தை வாயைத் திறக்கவில்லை என்றால்

சுவை பிடிக்காமல் மறுப்பது ஒரு வகை. அளவைப் பார்த்து மலைத்துப் போவது இன்னொரு வகை. நான்கு வயதுக் குழந்தைக்கு ஒரு டம்ளர் என்பது மலைதான். அதையே சிறு கோப்பையில் காலை 30 மி.லி., மாலை 30 மி.லி. என்று கொடுத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். பெக்குக்கு நேரம் காலம் கிடையாது. நாளுக்குள் மொத்த அளவு போனால் போதும். குளிர வைத்து ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தால் சுவை இன்னும் மங்கும்.

மூன்றாவது வகையை நிறையப் பேர் கவனிப்பதில்லை. குழந்தைக்கு இந்த மருந்து எதற்கு என்று புரிந்துவிட்டது. குடித்தால் மலம் வரும், மலம் வந்தால் வலிக்கும். அதனால் குடிக்க மாட்டேன் என்கிறது. அதன் கணக்கு சரியான கணக்குதான். இந்தக் குழந்தையிடம் சுவையை மாற்றிப் பயனில்லை, வலியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

"இதைக் குடிச்சா கக்கா வரும். வேண்டாம்மா."

"ஆமாம் கண்ணா, வரும். ஆனா கல்லு மாதிரி வராது, மெத்துன்னு வரும். நீலக் கப்புல குடிக்கிறியா, சிவப்புல குடிக்கிறியா?"

குடிப்பதா வேண்டாமா என்பது பேச்சிலேயே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எந்தக் கப், காலையா மாலையா, ஸ்ட்ரா வேண்டுமா என்பதெல்லாம் குழந்தையின் விருப்பம். குடிப்பது மட்டும் தினம் நடக்கிற ஒன்று, பல் தேய்ப்பதைப் போல. குடித்ததற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுக்கலாம். மலம் போனதற்குக் கொடுக்க வேண்டாம், அது குழந்தையின் கையில் இல்லை.

சொல்லாமல் ஒளித்துக் கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கலப்பதில் தவறில்லை, ஏமாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இது ஒரு வார மருந்து இல்லை, மாதக்கணக்கில் போவது. ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் மருந்தோடு அந்தப் பாலையும் குழந்தை விட்டுவிடும். "இதுல உன் மருந்து இருக்கு" என்று சொல்லியே கொடுங்கள். கலப்பதும் சிறிய அளவில் இருக்கட்டும். பெரிய டம்ளர் பாலில் கலந்து பாதி மீந்துவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று தெரியாது.

மூக்கைப் பிடித்து, படுக்க வைத்து ஊற்றுவது கூடவே கூடாது. அழும்போது பெக் கரைசல் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. ஊசியில்லாத சிரிஞ்சில் கொடுப்பதென்றால் நிமிர்ந்து உட்கார வைத்து, கன்னத்தின் உட்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக, குழந்தை விழுங்க விழுங்கக் கொடுங்கள். துப்பிவிட்டால் அன்று மறுபடி ஈடுகட்ட வேண்டாம். மறுநாள் வழக்கமான அளவு போதும்.

அளவைக் கூட்டுவதும் குறைப்பதும்

சீட்டில் எழுதியிருக்கும் எண் ஒரு ஆரம்பம்தான். சரியான அளவு எது என்பதை மலம்தான் சொல்லும். நாம் தேடுவது: தினமும், அல்லது ஏறக்குறைய தினமும், வலியில்லாமல் வரும் இளகிய மலம். நீளமாக, வழவழவென்று, எளிதில் உடையும்படி இருந்தால் சரி. முதல் சில வாரங்களுக்கு இன்னும் கொஞ்சம் இளகி, மெத்தென்ற துண்டுகளாக இருந்தால் நல்லதுதான். அடக்க நினைத்தாலும் அடக்க முடியாத அளவு இளக்கமாக இருந்தால்தான் பயம் விடும். மேலே வெடிப்புகளோடு கெட்டியாக வந்தால், உருண்டை உருண்டையாக வந்தால் அளவு போதவில்லை.

ஒரு காலண்டரில் தினமும் நான்கு விஷயம் குறித்து வையுங்கள்: எத்தனை கிராம், மலம் எப்படி, வலித்ததா, ஜட்டியில் கசிந்ததா. மாற்றுவதென்றால் ஒரு தடவைக்கு 1 அல்லது 1.5 கிராம் மாற்றுங்கள். அப்புறம் 3 நாள் காத்திருங்கள். இன்று மலம் வரவில்லை என்று கூட்டி, நாளை தண்ணீராகப் போனது என்று நிறுத்தி, மறுநாள் கெட்டியானதும் மறுபடி ஆரம்பித்தால் சரியான அளவு பிடிபடவே பிடிபடாது. எந்த எல்லைக்குள் நீங்களாக மாற்றிக்கொள்ளலாம் என்று முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீராகப் போவதில் இரண்டு உண்டு, இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிர். மருந்து அதிகமானால் குழந்தைக்கு வருவது தெரியும், கழிப்பறைக்கு ஓடும், ஒரு நாளில் பல தடவை நிறையப் போகும், வயிறு தளர்வாக இருக்கும். அப்போது அளவைக் குறைக்க வேண்டும். அடைப்பு திரும்பியிருந்தால் ஜட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படும், குழந்தைக்கே தெரியாது, நாற்றம் கடுமையாக இருக்கும், பல நாளாகப் பெரிய மலம் எதுவும் வந்திருக்காது, அடிவயிற்றில் கட்டி தட்டுப்படலாம். இதற்கு மருந்தைக் குறைத்தால் நிலைமை மோசமாகும். மருத்துவரைக் கேட்டு மறுபடி அடைப்பை எடுக்க வேண்டும். காலண்டரைப் பார்த்தாலே எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காய்ச்சல், வாந்தியோடு உண்மையான வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் பெக்கை நிறுத்தி வைத்து ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். சரியானதும் பழைய அளவிலேயே ஆரம்பிக்கலாம்.

ஒரு குழந்தையின் கணக்கு

நான்கு வயதுப் பையன், 15 கிலோ. அடைப்பு நீங்கிய மறுநாள் 6 கிராம், 60 மி.லி.யில். முதல் மூன்று நாள் கூழாகப் போனது. இது முந்தைய பெரிய அளவின் மிச்சம், இதைப் பார்த்துக் குறைக்கக் கூடாது. நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் ஒன்றுமில்லை. திரைக்குப் பின்னால் போய், குதிகாலைத் தூக்கி, தொடையை இறுக்கிக்கொண்டு, முகம் சிவக்க நிற்கிறான். முக்குகிறான் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைப்பார்கள்; உண்மையில் அடக்குகிறான். ஆறாம் நாள் வெடிப்புகளோடு கெட்டியாக வந்தது, அழுதான்.

அளவு 7.5 ஆனது. மூன்று நாள் கழித்து மலம் இளகியது, ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் பெரிதாக. இன்னும் கொஞ்சம் அடக்குகிறான் என்று பொருள். 9 கிராமுக்கு ஏற்றியதும் இரண்டாம் நாளிலிருந்து தினம் மூன்று தடவை சாறு போல. 8 கிராமுக்கு இறக்கியதும் தினம் ஒரு தடவை மெத்தென்று வந்தது. அங்கே நிறுத்தினார்கள். 8 கிராம் என்பது கிலோவுக்கு 0.53, எல்லையான 12 கிராமுக்கு நிறைய இடம் இருக்கிறது. 12-ஐத் தொட்டும் சரியாகவில்லை என்றால் வீட்டில் இன்னும் ஏற்றாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

கூடவே சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்துக்குள் 5 நிமிடம் கழிப்பறையில் உட்கார வைத்தார்கள். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்துவதற்காக. கால் தொங்காமல், முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயரும்படி ஒரு முக்காலி. வந்தாலும் வராவிட்டாலும் 5 நிமிடத்தில் எழுந்துவிடலாம்.

எவ்வளவு காலம், எப்படி நிறுத்துவது

நல்லபடியாகப் போக ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலேயே நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பல மாதம் விரிந்து கிடந்த மலக்குடல் நைந்த எலாஸ்டிக் போன்றது. பழைய அளவுக்குச் சுருங்க நாளாகும். அது வரை நிறைந்திருக்கிறது என்ற உணர்வே குழந்தைக்குச் சரியாக வராது. வலிக்கும் என்ற நினைவு மறைய அதற்கும் மேல் நாளாகும். முன்னால் சொன்ன 2014 வழிகாட்டுதல், குறைந்தது 2 மாதம் தரச் சொல்கிறது. தொந்தரவு எல்லாம் அடங்கி குறைந்தது 1 மாதம் ஆன பிறகே குறைக்க ஆரம்பிக்க வேண்டும், அதுவும் படிப்படியாக. இது மிகக் குறைந்த காலம். நீண்ட நாள் அடக்கிய குழந்தைகளுக்கு ஆறு மாதம், ஒரு வருடம், அதற்கு மேலும் ஆவது சாதாரணம்தான். டயப்பரிலிருந்து கழிப்பறைக்கு மாறிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்தப் பழக்கம் உறுதியான பிறகுதான் நிறுத்த வேண்டும்.

குறைக்கத் தயாரா என்பதற்கு நான் பார்ப்பது மலத்தை மட்டும் இல்லை. திரைக்குப் பின்னால் ஒளிவது நின்றதா? தானாக "வருது" என்று சொல்லிப் போகிறதா? ஜட்டி சுத்தமாக இருக்கிறதா? இவை மூன்றும் இல்லாமல் மலம் மட்டும் நன்றாக இருந்தால், மருந்தின் பலத்தில் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

நம் பையனுக்கு ஐந்தாவது மாதத்தில் குறைக்க ஆரம்பித்தார்கள்: 8-லிருந்து 6.5, அப்புறம் 5, அப்புறம் 4, அப்புறம் 2. ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு வாரம். 4 கிராமில் இரண்டாவது வாரம் உருண்டைகள் வந்தன. உடனே 5-க்கு ஏறி ஒரு மாதம் அங்கேயே இருந்தார்கள், பிறகு மறுபடி 4. இரண்டாவது தடவை பிரச்சினை இல்லை.

நிறுத்திய பிறகும் காலண்டரை இரண்டு மாதம் தொடருங்கள். பயணம், காய்ச்சல், பள்ளி மாற்றம் போன்ற நேரங்களில்தான் பழையபடி அடக்க ஆரம்பிக்கும். இரண்டு நாள் போகாமல் மூன்றாம் நாள் கெட்டியாக வந்தால், வலி திரும்பும் முன் கடைசியாகச் சரியாக இருந்த அளவை அன்றே ஆரம்பித்து, மருத்துவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.

காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டியவை

பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு பலூனாக உப்பி இறுகுவது, கடும் வயிற்று வலி, மலத்தில் நிறைய ரத்தம், மருந்துக்குப் பிறகு தடிப்போ முகவீக்கமோ மூச்சுத் திணறலோ: இவற்றில் ஒன்று இருந்தால் அடுத்த டோஸ் தராமல் உடனே போங்கள். எடை ஏறாமல் இருப்பது, கால்கள் பலவீனமாவது, நடை மாறுவது, எப்போதும் பென்சில் போல மெல்லிய மலம் ஆகியவற்றை நாள் தள்ளாமல் காட்ட வேண்டும். பிறந்து முதல் மலம் கழிக்க 48 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால், இதுவரை யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பெருங்குடலில் நரம்பு முடிச்சுகள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்க்கு அது ஒரு அறிகுறி, அதை பெக்கால் சரி செய்ய முடியாது.